ரெட்யூசர் போட்டால் பிரஷர் ஏறாது

மேல்மாடி வீடுகளில் தீராத புகார் ஒன்று உண்டு. தலைக்கு மேலேயே மொட்டைமாடித் தொட்டி இருக்கும். ஆனால் ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூல் நூலாக வழியும். ப்ளம்பரை வரவழைப்பார்கள். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, தட்டிப் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொல்வார்: "பைப்பு பெருசா போட்டிருக்காங்க சார். ஒரு இஞ்ச்ல வந்தா தண்ணி பரவிடும், போர்ஸ் இருக்காது. ஒரு ரெட்யூசர் போட்டு அரை இஞ்ச்ல கொண்டுவந்தா பிரஷர் தன்னால ஏறும்."

வீட்டுக்காரர் தலையாட்டுவார். பொறியியல் படித்தவராக இருந்தாலும் பெரும்பாலும் தலையாட்டத்தான் செய்வார். சிறுவயதில் தோட்டத்து ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீரைச் சுற்றுச்சுவர் வரைக்கும் பீய்ச்சி விளையாடாதவர் யார்? வாய் குறுகியது, தண்ணீர் சீறியது. ஆகவே குறுகினால் அழுத்தம் கூடும். கண்ணால் கண்ட சாட்சி இருக்கும்போது மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. கண்டது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம் தலைகீழ். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் குழாய் குறுகும் இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். ரெட்யூசரைக் குழாயின் நடுவில் மாட்டுகிறவர், இருக்கிற அழுத்தத்தையும் செலவழித்துவிட்டுப் போகிறார்.

ஒரு இஞ்ச் குழாய் ஒன்று, படுக்கைவாட்டில், அரை இஞ்சாகக் குறுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அகலமான பகுதியில் தண்ணீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, வழியில் குவித்து வைக்கவும் முடியாது. ஒரு வினாடியில் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவும் அதே வினாடியில் வெளியேறியாக வேண்டும். கால்பங்கு வழியில் அதே அளவு போக வேண்டுமென்றால் நான்கு மடங்கு வேகம் தேவை: வினாடிக்கு 4 மீட்டர். இதுதான் தொடர்ச்சி விதி. இத்தாலியில் பெனடெட்டோ காஸ்டெல்லி 1628இல் ஓடும் நீரை அளப்பது பற்றி எழுதிய நூலிலேயே இது வந்துவிட்டது. இதுவரைக்கும் ப்ளம்பருக்கும் பேராசிரியருக்கும் சண்டை இல்லை.

சண்டை அடுத்த கேள்வியில்தான். வினாடிக்கு 1 மீட்டர் போய்க்கொண்டிருந்த தண்ணீரை 4 மீட்டர் போக வைத்தது யார்? நிற்கிற வண்டியைத் தள்ளாமல் அது நகராது. நகர்கிற வண்டியைத் தள்ளாமல் அதன் வேகம் கூடாது. குறுகும் வாயில் நிற்கும் ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் பார்ப்போம். பின்னாலிருந்து அகலப் பகுதியின் தண்ணீர் அதைத் தள்ளுகிறது. முன்னாலிருந்து குறுகிய பகுதியின் தண்ணீர் அதை எதிர்த்து அமுக்குகிறது. அந்தச் சொம்புத் தண்ணீர் வேகம் எடுக்கிறது என்றால் பின்பக்கத் தள்ளல் ஜெயித்திருக்க வேண்டும். அதாவது அகலமான பகுதியில் அழுத்தம் அதிகம், குறுகிய பகுதியில் குறைவு. ப்ளம்பர் சொல்வதுபோல் குறுகிய பகுதியில்தான் அழுத்தம் அதிகம் என்றால், அங்கே நுழையும் தண்ணீர் எதிர்த்தள்ளலில் மாட்டி வேகம் குறைய வேண்டும். வேகம் கூடுகிறது என்று அவரே சொல்கிறார். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

எவ்வளவு குறையும் என்பதை ஆற்றல் கணக்கு சொல்லிவிடும். மட்டமான குழாயில் தண்ணீரின் கையிருப்பு இரண்டு வடிவில் இருக்கிறது: அழுத்தமாக ஒரு பங்கு, வேகமாக ஒரு பங்கு. இரண்டையும் தண்ணீர்த் தூணின் உயரமாக மாற்றிக்கொண்டால் கணக்கு எளிது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தின் மதிப்பு சுமார் 5 சென்டிமீட்டர் உயரம். வேகம் நான்கு மடங்கானால் மதிப்பு பதினாறு மடங்காகும், ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. ஆகவே 4 மீட்டர் வேகத்தின் மதிப்பு சுமார் 81 சென்டிமீட்டர். இடையில் யாரும் மோட்டார் வைத்துத் தரவில்லை. கூடுதலான 76 சென்டிமீட்டரும் அழுத்தக் கணக்கிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அகலப் பகுதியின் மேல் ஒரு கண்ணாடிக் குழல் செருகி, அதில் தண்ணீர் 2 மீட்டர் ஏறி நின்றால், குறுகிய பகுதியில் செருகிய குழலில் சுமார் 124 சென்டிமீட்டர்தான் நிற்கும். டேனியல் பெர்னௌலி 1738இல் வெளியிட்ட ‘ஹைட்ரோடைனமிகா’வில் அழுத்தத்தையும் வேகத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தார்; இன்று நாம் எழுதும் சமன்பாட்டு வடிவம் பிற்பாடு ஆய்லர் கையில் உருவானது.

இத்தனை சொன்ன பிறகும் மனம் ஒப்பாது. காரணம், நமக்குள் இருக்கும் கூட்டத்தின் படம். தேர்த் திருவிழாவில் கோபுர வாசலில் ஜனம் நெருக்கியடிக்கிறதே, குறுகலில்தானே நெரிசல் என்று தோன்றும். ஆனால் கூட்டம் வாசலில் வேகம் எடுப்பதில்லை, தேங்குகிறது. தண்ணீர் தேங்காது, வேகம் எடுத்துக் கடந்துவிடும். கூட்டத்திலும் விலா எலும்பு நொறுங்கும்படி மாட்டிக்கொள்பவர்கள் வாசலுக்கு முன்னால் நிற்பவர்கள்தான், வாசலைத் தாண்டி ஓடுகிறவர்கள் அல்ல. ஆக, சாட்சிக்கு அழைத்த கூட்டம்கூட ப்ளம்பர் பக்கம் பேசவில்லை.

வீட்டைவிட்டுச் சொட்டுநீர் போட்ட தோட்டத்துக்குப் போனால் இதற்கு நல்ல சாட்சி கிடைக்கும். அங்கே உரம் விட வென்சுரி என்றொரு கருவி மாட்டியிருப்பார்கள். இரு பக்கமும் அகன்று நடுவில் உடுக்கை போல் இடை சிறுத்த குழாய். இடையில் ஒரு துளை, அதிலிருந்து மெல்லிய டியூப் தரையில் வைத்த உரக்கரைசல் வாளிக்குள் போகும். பிரதான குழாயின் வால்வைக் கொஞ்சம் மூடி, தண்ணீரை வென்சுரி வழியாகத் திருப்பிவிட்டால் வாளியில் இருக்கும் கரைசல் தானாக உறிஞ்சப்பட்டு மேலே ஏறும். மின்சாரம் வேண்டாம், தனிப் பம்பு வேண்டாம். குறுகிய இடத்தில் அழுத்தம் கூடுமென்றால் அந்தத் துளை வழியே தண்ணீர் வாளிக்குள் பீய்ச்சியடித்திருக்க வேண்டும். தினமும் காலையில் ஆயிரக்கணக்கான தோட்டங்களில் நேர் எதிரானது நடக்கிறது.

கணக்கு போட்டும் பார்க்கலாம். நுழைவாயில் கேஜில் ஒரு கிலோ அழுத்தம், அதாவது 10 மீட்டர் தண்ணீர் உயரம். வேகம் வினாடிக்கு 2 மீட்டர். இடையின் பரப்பு எட்டில் ஒரு பங்கு என்றால் அங்கே வேகம் 16 மீட்டர். அந்த வேகத்தின் விலை 13 மீட்டர் உயரம். கையிருப்போ பத்தும் சொச்சமும்தான். பற்றாக்குறையான கிட்டத்தட்ட 3 மீட்டர் எங்கிருந்து வரும்? இடையின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வாளியின் மேல் அமுக்கும் காற்று கரைசலை டியூபுக்குள் தள்ளிவிடுகிறது. உராய்வால் நிஜத்தில் உறிஞ்சல் இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

இடையைத் தாண்டிக் குழாய் மறுபடி அகலும்போது வேகம் குறைந்து அழுத்தம் திரும்பும். முழுதும் திரும்பாது. அகலும் இடத்தில் சுழல்கள் உண்டாகி ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். உரம் உறிஞ்சும்படி ஓட்டினால் நுழைவழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வென்சுரிக்குக் கப்பம் கட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் வயலின் வால்வை யாராவது மூடிவிட்டால் ஓட்டம் தளர்ந்து, இடையில் வேகம் போய், அழுத்தம் ஏறிவிடும். அப்போது உறிஞ்சல் நின்று வாளிக்குள் தண்ணீர் திரும்பி வழியும். டியூபில் ஒருவழி வால்வு போடுவது இதற்காகத்தான். வேகம் போனால் அழுத்தம் வருகிறது என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் காட்ட முடியாது.

இந்த வடிவத்துக்குப் பெயர் கொடுத்தவர் இத்தாலியின் ஜியோவானி வென்சுரி. 1797இல் தன் சோதனைகளை வெளியிட்டவர். அதைக் காசாக்கியவர் அமெரிக்காவின் க்ளெமென்ஸ் ஹெர்ஷல். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோல்யோக் நகரில் ஆலைகளுக்குத் தண்ணீர் விற்கும் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவர், 1880களின் கடைசியில் இதை அளவுமானியாக மாற்றினார். அகலப் பகுதியிலும் இடையிலும் அழுத்தத்தை அளந்தால் வித்தியாசத்திலிருந்து ஓட்டம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். குறுகலில் அழுத்தம் குறைகிறது என்பதை நம்பித்தான் அந்த மானி தண்ணீருக்குப் பில் போட்டது.

இனி கட்டைவிரல். எதிர்த்தரப்பின் பெரிய சாட்சி இதுதான், அதனால் அவசரப்படாமல் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

தொட்டியின் நீர்மட்டம் 6 மீட்டர் உயரத்தில். கீழே 15 மீட்டர் நீளமுள்ள அரை இஞ்ச் ஓஸ் பைப். வாய் முழுதும் திறந்திருக்கும்போது அந்த 6 மீட்டர் கையிருப்பில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பைப்பின் உள்சுவர் உராய்வு தின்றுவிடும். வாயில் தண்ணீர் வினாடிக்கு சுமார் 1.75 மீட்டர் வேகத்தில்தான் வரும். அந்த வேகத்துக்கு மிஞ்சியது 16 சென்டிமீட்டர் மட்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 13 லிட்டர். காலடியில் தொப்பென்று விழும்.

இப்போது கட்டைவிரலால் வாயைப் பத்தில் ஒரு பங்காக அடைத்தால் என்ன ஆகும்? ஓட்டம் மட்டுப்படுகிறது, நிமிடத்துக்கு ஏழு லிட்டருக்கும் சற்றுக் குறைவாக. ஓட்டம் பாதியானதும் உராய்வு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். முன்பு 15 மீட்டர் நெடுகத் தேய்ந்து போன கையிருப்பில் பெரும்பகுதி இப்போது பைப்பின் கடைசிவரை வந்து சேருகிறது. விரலுக்குப் பின்னால், பைப் இன்னும் அகலமாக இருக்கும் இடத்தில், 4 மீட்டருக்கும் மேற்பட்ட அழுத்தம். பைப் விறைப்பதைக் கை உணரும். ‘பிரஷர் ஏறிடுச்சு’ என்று சொல்ல வைப்பது இந்த விறைப்புதான். அந்த அழுத்தம் விரலிடுக்கில் வேகமாக மாறி, தண்ணீர் வினாடிக்கு 9 மீட்டருக்கு மேல் சீறுகிறது. விரலிடுக்கைத் தாண்டி வெளியே வந்த தாரையின் அழுத்தம் என்ன? சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்தான். கேஜ் கணக்கில் பூஜ்யம். அழுத்தம் ஏறியது அகலமான இடத்தில், குறுகலில் அது முழுதும் செலவாகிவிட்டது.

முகத்தில் அடிக்கும் அந்த ‘போர்ஸ்’? அது தாரைக்குள் இருந்த அழுத்தம் அல்ல. வேகமாக வந்த தண்ணீர் தோலில் மோதி நிற்கும்போது அந்த நொடியில் பிறக்கும் அழுத்தம். வீட்டுத் தமிழில் வேகத்தையும் விசையையும் அழுத்தத்தையும் சேர்த்து ‘பிரஷர்’ என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டோம். பாதிக் குழப்பம் அந்தச் சாக்கிலிருந்துதான் வருகிறது.

மீதிக் குழப்பத்துக்கு வகுப்பறையும் பொறுப்பு. பிளஸ் ஒன் பாடம் நடத்துகிறவர்கள் இந்த விரல் உதாரணத்தைத் தொடர்ச்சி விதிக்குச் சான்றாகச் சொல்வார்கள்: பரப்பு பத்தில் ஒன்றானது, ஆகவே வேகம் பத்து மடங்கானது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படியானால் மேற்சொன்ன ஓஸ் பைப்பில் வேகம் பதினேழரை மீட்டர் ஆகியிருக்க வேண்டும். 6 மீட்டர் உயரத்துத் தொட்டியிலிருந்து, உராய்வே இல்லாவிட்டாலும்கூட, வினாடிக்கு சுமார் 10.8 மீட்டருக்கு மேல் தண்ணீரால் வர முடியாது. டொரிசெல்லி 1640களிலேயே சொன்ன எல்லை அது. இருக்கிற காசுக்கு மேல் செலவு செய்யும் கணக்கைத்தான் மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தவறு எங்கே? ஒரே நேரத்தில் ஒரே குழாயின் இரண்டு இடங்களை ஒப்பிடத்தான் தொடர்ச்சி விதி உரிமை தருகிறது. விரல் வைக்குமுன், விரல் வைத்தபின் என்று இரண்டு வேறு நேரங்களை ஒப்பிட அது உரிமை தரவில்லை. விரல் வைத்ததும் ஓட்டத்தின் அளவே மாறிவிடுகிறது. எவ்வளவு மாறும் என்பதை ஆற்றல் கணக்குதான் சொல்லும்.

நம்பாதவர்கள் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் அடிப்பக்கம் ஒரே மட்டத்தில் இரண்டு துளை போட்டுப் பார்க்கலாம், ஒன்று பென்சில் கனம், மற்றது அதில் பாதி. தண்ணீர் நிரப்பித் திறந்தால் இரண்டு தாரையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் போய் விழும். இங்கே நீளமான பைப் இல்லை, தின்பதற்கு உராய்வு இல்லை. அதனால் துளையைச் சிறிதாக்கியதில் வேகம் ஒன்றும் கூடவில்லை. குறுகல்தான் மந்திரம் என்றால் சிறிய துளை ஜெயித்திருக்க வேண்டாமா?

இப்போது மேல்மாடி ஷவருக்குத் திரும்பலாம். தொட்டியின் நீர்மட்டம் ஷவர் தலையைவிட 3 மீட்டர் உயரம், இடையில் 10 மீட்டர் குழாய், நிமிடத்துக்கு 12 லிட்டர் வேண்டும். ஒரு இஞ்ச் குழாயில் இந்த ஓட்டத்துக்கு உராய்வு தின்பது சுமார் 10 சென்டிமீட்டர். போனால் போகட்டும். ப்ளம்பர் பேச்சைக் கேட்டு 10 மீட்டரையும் அரை இஞ்சாக மாற்றினால்? விட்டம் பாதியானால், அதே ஓட்டத்துக்கு உராய்வு 32 மடங்கு. 10 சென்டிமீட்டர் மூன்றேகால் மீட்டராகிவிடும். இருப்பதே 3 மீட்டர். ஆக அந்த ஓட்டம் வரவே வராது; ஷவர் தலைக்கு ஒரு துளி அழுத்தமும் மிச்சமில்லாமல், கேட்டதைவிடக் குறைவான தண்ணீர்தான் வழியும். பழையபடி நூல் நூலாக. எல்போக்களும் வால்வுகளும் தின்பதை இதில் சேர்க்கவே இல்லை.

ப்ளம்பர்களின் கண்முன்னேயே இதற்கு இன்னொரு சாட்சி கிடக்கிறது, ஏனோ யாரும் அதை அழைப்பதில்லை. உப்பான போர்வெல் தண்ணீர் ஓடிய பழைய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே துருவும் உப்பும் வளையம் வளையமாகப் படிந்து, ஒரு இஞ்ச் குழாய் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். குறுகினால் பிரஷர் ஏறும் என்பது உண்மையானால் ஊரிலேயே அதிக பிரஷர் அந்த வீட்டில்தான் வர வேண்டும். அந்த வீட்டுக்காரர்தான் பக்கெட் நிறையக் கால் மணி நேரம் நிற்கிறார். அவர் வீட்டுக் குழாயை மாற்றச் சொல்லும் அதே ப்ளம்பர், அடுத்த தெருவில் புதுக் குழாயைக் குறுக்கச் சொல்கிறார்!

அவருக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சிறு துளை ஷவர் தலை மாற்றியதும் போர்ஸ் வந்ததைப் பல வீடுகளில் அவர் பார்த்திருப்பார். அது பொய்யல்ல. குறுகல் குழாயின் கடைசி நுனியில் இருந்தால், அதற்கு முன்னால் குழாய் அகலமாகவே இருந்தால், உராய்வு குறைந்து அழுத்தம் நுனிவரை வந்து வேகமாக மாறுகிறது, கட்டைவிரலின் கதையேதான். தண்ணீரின் அளவு குறையும், சீறல் கூடும். குறுகலை நுனியில் வைப்பதும் வழிநெடுக வைப்பதும் ஒன்று என்று எண்ணியதுதான் அவருடைய பிழை. நுனியில் அது அழுத்தத்தை வேகமாக மாற்றும் இடம். நடுவில் அது கையிருப்பை உராய்வுக்குக் கொடுக்கும் இடம்.

எந்த வீட்டில் எது கோளாறு என்று கண்டுபிடிக்க ஜோசியம் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிரஷர் கேஜ் ஒன்றை, ஷவர் இருக்கும் இடத்தில் டி போட்டு மாட்டினால் போதும். முதலில் எல்லாக் குழாயும் மூடிய நிலையில் படிக்க வேண்டும். தண்ணீர் ஓடாதபோது குழாய் ஒரு இஞ்சா அரை இஞ்சா என்பது கேஜுக்குத் தெரியாது. தொட்டியின் உயரத்தை மட்டுமே அது காட்டும். 10 மீட்டருக்கு ஒரு கிலோ, 3 மீட்டருக்கு 0.3 கிலோ. இங்கேயே முள் மிகத் தாழ்ந்து நின்றால் கோளாறு உயரத்தில். தொட்டியை மேடையேற்ற வேண்டும், அல்லது சிறிய பம்பு வைக்க வேண்டும். குழாயில் எந்த வித்தை செய்தாலும் அந்த எண் ஏறாது. அடுத்து ஷவரைத் திறந்துவிட்டுப் படிக்க வேண்டும். மூடியபோது சரியாக இருந்த முள், திறந்ததும் அடியோடு விழுந்தால் வழியில் எங்கோ குறுகல் இருக்கிறது: பாதி திறந்த கேட் வால்வு, உப்பு படிந்த எல்போ, அல்லது முன்பு யாரோ நல்லெண்ணத்தில் மாட்டிவிட்டுப் போன ஒரு ரெட்யூசர்.

ஆகவே அடுத்த முறை ப்ளம்பர் பையிலிருந்து ரெட்யூசரை எடுக்கும்போது வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "அண்ணே, இதைத் தொட்டிக்குக் கீழே போடப் போறீங்களா, ஷவர் நுனியிலயா?" தொட்டிக்குக் கீழே என்றால், அதைத் திரும்பப் பையிலேயே போடச் சொல்லிவிடலாம்.